நோட்டா, ஸ்டிக்கரா, சாஃப்ட்வேரா? சின்ன மருந்துக்கடையில் எக்ஸ்பைரியைப் பிடிக்க எது உதவும்

ஜூன் முதல் தேதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேக்கில் பான்டோபிரசோல் 40 மி.கி. 30 ஸ்ட்ரிப் இருக்கிறது, எக்ஸ்பைரி 11/2026. அன்றைக்கே ஸ்டாக்கிஸ்ட் அனுப்பிய பெட்டியில் இன்னும் 20 ஸ்ட்ரிப் வருகிறது, எக்ஸ்பைரி 08/2026. புதிதாக வந்த சரக்குக்குத்தான் ஆயுள் குறைவு. மாதம் 10 ஸ்ட்ரிப் விற்கும் கடை.

முதலில் வந்ததை முதலில் விற்கும் வழக்கப்படி புதிய பெட்டியைப் பின்னால் தள்ளினால், பழைய 30 ஸ்ட்ரிப் தீர ஆகஸ்ட் முடிந்துவிடும். 08/2026 என்றால் ஆகஸ்ட் 31 வரை. ஆக, பின்னால் இருந்த 20 ஸ்ட்ரிப்பும் ஒன்றுகூட விற்காமல் காலாவதி. மாறாக, முதலில் காலாவதியாவதை முதலில் விற்றால் அந்த 20 ஜூலையோடு தீரும். பழைய 30 ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபரில் போய்விடும். அக்டோபர் கடைசியில் வாங்கியவர் ஒரு மாதம் சாப்பிட்டாலும் நவம்பர் 30-க்குள் முடித்துவிடுவார். இந்தக் கடைசிக் கணக்கைப் பலரும் விட்டுவிடுகிறோம். கடைக்கு எக்ஸ்பைரி என்பது அட்டையில் அச்சான மாதம் மட்டும் இல்லை. வாங்கிப் போகிறவர் சாப்பிட்டு முடிக்கும் நாட்களையும் அதில் கழிக்க வேண்டும்.

விற்பனை விலை 100, கொள்முதல் 80 என்றால், வீணாகும் ஒரு ஸ்ட்ரிப்பை ஈடுகட்ட நான்கு ஸ்ட்ரிப் விற்க வேண்டும். ஸ்டாக்கிஸ்ட் திருப்பி எடுத்துக்கொள்வாரே என்றால், அவருக்கும் ஒரு கெடு உண்டு, அது ஆளுக்கு ஆள் மாறும். வெட்டிய ஸ்ட்ரிப்பை என் ஸ்டாக்கிஸ்டுகள் யாரும் எடுப்பதில்லை. லாபம் அதிகம் என்று வாங்கும் ஜெனரிக் சரக்கில் பலதும் ரிட்டர்ன் இல்லாமலேயே வரும். அதனால் எந்த முறையாக இருந்தாலும், எக்ஸ்பைரிக்கு மூன்று மாதம் முன்பே நம்மைத் தட்டி எழுப்ப வேண்டும். இந்த அளவுகோலை வைத்துத்தான் மூன்று முறைகளையும் பார்க்கிறேன்.

மாத நோட்டு

ஒரு மாதத்துக்கு ஒரு பக்கம். சரக்கு வரும்போது, ஆயுள் ஒரு வருடத்துக்குக் குறைவாக இருந்தால், அந்த எக்ஸ்பைரி மாதப் பக்கத்தில் மருந்தின் பெயர், பேட்ச் நம்பர், எத்தனை, எந்த ஸ்டாக்கிஸ்ட், எந்த ரேக் என்று எழுதிவிடுவது. ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி, மூன்று மாதம் தள்ளி உள்ள பக்கத்தைத் திறந்து ரேக்குக்குப் போவது. செலவே இல்லை, கரண்ட் போனாலும் வேலை செய்யும். எந்த ஸ்டாக்கிஸ்டிடம் வாங்கியது என்று பில் கட்டைப் புரட்டாமல் தெரிந்துவிடுவது பெரிய வசதி.

குறை என்னவென்றால், வரும்போது இரண்டு வருடம் ஆயுள் இருந்த சரக்கு நோட்டில் ஏறவே ஏறாது. அது விற்காமல் கிடந்து கிடந்து ஆயுள் தேய்ந்திருக்கும். அதைப் பிடிக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரேக் ரேக்காகக் கையால் பார்த்தே ஆக வேண்டும்.

கலர் ஸ்டிக்கர்

எக்ஸ்பைரி விழும் காலாண்டுக்கு ஒரு நிறம். நோட்டைத் திறக்காத கடைப்பையனுக்கும் கண்ணில் படும். சிவப்பு ஒட்டியதை முதலில் எடு என்றால் போதும், எடுக்கும் கையைத் திருத்துவதில் இதற்கு இணை இல்லை. ஆனால் ஸ்டிக்கர் ஒட்டுவது பெட்டியில், விற்பது ஸ்ட்ரிப்பை. பாதி காலியான இரண்டு பெட்டிகளை இடம் போதவில்லை என்று ஒன்றாகக் கொட்டிய நிமிடமே நிறம் பொய்யாகிவிடும். எங்கள் கடையில் இப்போது ஒரே கட்டளை: பெட்டியோடு பெட்டியைச் சேர்க்கக் கூடாது, ரப்பர் பேண்ட் போட்டுத் தனித்தனியாகத்தான் வைக்க வேண்டும்.

பேட்ச் வாரியாகப் பில் போடும் சாஃப்ட்வேர்

வந்த சரக்கு எல்லாம், ஆயுள் எவ்வளவு இருந்தாலும், கணக்கில் இருக்கும். நோட்டின் குறை இங்கே இல்லை. அடுத்த மூன்று மாத எக்ஸ்பைரி லிஸ்ட் ஒரு நிமிடத்தில் வந்துவிடும். பில் போடும்போது முதலில் காலாவதியாகும் பேட்சைத் திரையில் முன்னால் காட்டும்படியும் வைத்துக்கொள்ளலாம்.

சிக்கல் கவுண்டரில்தான். திரை 08/2026 பேட்சைக் கழிக்கிறது, கை ரேக்கிலிருந்து 11/2026-ஐ எடுத்துக் கொடுக்கிறது. இரண்டு மாதம் இப்படிப் போனால், கம்ப்யூட்டரில் 08/2026 தீர்ந்துவிட்டது, ரேக்கில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. எக்ஸ்பைரி லிஸ்டிலும் அது வராது. ஒரு பேட்ச் மைனஸில் போனாலோ, தீர்ந்ததாகக் காட்டும் பேட்ச் ரேக்கில் கிடைத்தாலோ இது நடந்திருக்கிறது என்று அர்த்தம். நான் தினமும் சாயங்காலம் ஐந்து மருந்துகளை எடுத்து, பேட்ச் பேட்சாக ரேக்கையும் திரையையும் ஒத்துப் பார்க்கிறேன். சரக்கு ஏற்றும்போது 2027-ஐ 2028 என்று தட்டிவிடுவதும் அப்போதுதான் சிக்கும்.

மூன்றுக்குமே எட்டாத இடம் ஒன்று உண்டு, வெட்டிய ஸ்ட்ரிப். ஒருமுறை ஒரு அம்மா நான்கு மாத்திரைத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல தேதியே இல்லையே" என்றார். வாங்கிப் பார்த்தேன். தேதி அச்சான ஓரத்தை முதலில் வெட்டி வேறு யாருக்கோ கொடுத்திருக்கிறோம். அதைக் குப்பைக்கு ஒதுக்கிவிட்டுப் புது ஸ்ட்ரிப்பில் வெட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து பேட்சும் தேதியும் இல்லாத முனையிலிருந்துதான் வெட்டுகிறோம், வாங்குகிறவருக்குத் தேதியைத் துண்டுக் கவரில் எழுதிக் கொடுக்கிறோம். ஒரு மருந்துக்கு ஒரு வெட்டிய ஸ்ட்ரிப்தான் இருக்கலாம், அது தீராமல் அடுத்ததில் கத்தரி படக் கூடாது.

இரண்டு பேர் நிற்கும், ஒரு சுவர் ரேக் உள்ள கடைக்கு நான் நோட்டையும் ஸ்டிக்கரையும்தான் சொல்வேன். முதலாளி எப்போதும் கவுண்டரில் இருக்க முடியாத, பொருள் ஆயிரத்தைத் தாண்டிய கடைக்குச் சாஃப்ட்வேர் வேண்டும். ஆனால் ஸ்டிக்கரை விடக் கூடாது. லிஸ்ட் கொடுப்பது திரை, எடுப்பது கைதானே.

ஓடாத சரக்கு

இங்கே சாஃப்ட்வேர் தெளிவாக முந்துகிறது, சரியான ரிப்போர்ட்டைப் பார்த்தால். பார்கின்சன் நோய்க்காக லெவோடோபா-கார்பிடோபா மாத்திரை ஒரே ஒரு பெரியவருக்காக வாங்கி வைத்திருந்தேன். தினம் மூன்று, மாதம் 9 ஸ்ட்ரிப். அவர் மகன் வீட்டுக்கு வேறு ஊர் போய்விட்டார், எனக்குத் தெரியாது. 14 ஸ்ட்ரிப் மீதி. ஆறு மாதச் சராசரி ரிப்போர்ட் மாதம் ஏறக்குறைய 8 ஓடுவதாகவே காட்டியது. அதை நம்பியிருந்தால் இன்னும் ஆர்டர் போட்டிருப்பேன். 'கடைசியாக விற்ற தேதி' என்று வரிசைப்படுத்தியபோதுதான் 40 நாளாக அது அசையவில்லை என்று தெரிந்தது.

சராசரி பலர் வாங்கும் பான்டோபிரசோலுக்குச் சரி. ஒருவர் மட்டும் வாங்கும் மருந்துக்குக் கடைசித் தேதிதான் பேசும். ஆயுள் ஒரு வருடத்துக்கு மேல் இருந்ததாலும் எல்லாம் முழு ஸ்ட்ரிப் என்பதாலும் ஸ்டாக்கிஸ்ட் 14-ஐயும் எடுத்துக்கொண்டு அடுத்த பில்லில் கழித்தார். இப்போது இப்படிப்பட்ட மருந்துகளுக்கு ரேக்கில் ஒரு அட்டை இருக்கிறது. அதில் வாங்குபவரின் போன் நம்பர் இருக்கும். ஆர்டர் போடும் முன், "ஐயா, இந்த மாசமும் அதே மாத்திரைதானே, டாக்டர் மாத்தலையே?" என்று கேட்டுவிட்டு, ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்குகிறேன்.