தலையில் அடிபட்டவருக்கு எந்த ஸ்கோர்: கிளாஸ்கோவா, ஃபோரா?

பெங்களூர் நெடுஞ்சாலை வேலூரை ஒட்டிப் போவதால், தலையில் அடிபட்டவர்கள் எங்கள் வார்டுக்கு வராத இரவே கிடையாது. நினைவு எப்படி இருக்கிறது என்று அளக்க எங்களிடம் இருப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று 1974-ல் கிளாஸ்கோ நகரத்தில் டீஸ்டேலும் ஜென்னெட்டும் கொண்டுவந்த கிளாஸ்கோ கோமா ஸ்கேல், வார்டில் ஜி.சி.எஸ். மற்றது 2005-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்து வந்த ஃபோர் ஸ்கோர். ஆம்புலன்ஸில் இதைவிடச் சுருக்கமாக, விழிப்பு, குரலுக்கு, வலிக்கு, எதற்கும் இல்லை என்று நாலே படியில் பார்ப்பதும் உண்டு. சாலையோரத்தில் அது போதும். ஆனால் அரை மணிக்கொரு முறை மாற்றத்தைக் கவனிக்க வேண்டிய படுக்கைக்கு அந்தப் படிகள் ரொம்ப அகலம்.

ஒரு நோயாளியை வைத்தே சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை, முப்பது சொச்சம் வயது. பைக்கில் வீடு திரும்பும்போது பள்ளிகொண்டா அருகே விழுந்துவிட்டார், ஹெல்மெட் இல்லை. இரவு 10 மணிக்கு வந்தார்.

ஜி.சி.எஸ். போடும்போது முதலில் ஒன்றும் செய்யாமல் பார்க்க வேண்டும். கண் வீங்கி மூடியிருக்கிறதா, காது கேட்குமா, எந்த மொழி பேசுவார் என்பதெல்லாம் அப்போதே தெரிய வேண்டும். பிறகு குரல், அதற்குப் பிறகுதான் அழுத்தம். “அண்ணா, கண்ணைத் திறங்க” என்றதும் திறந்தார். தானாகத் திறந்திருந்தால் 4, குரலுக்குத் திறந்ததால் 3. எங்கே இருக்கீங்க என்றால் “கம்பெனில” என்றார். வாக்கியம் சரி, விஷயம் தப்பு, அதனால் பேச்சுக்கு 5-ல் 4. நாக்கை நீட்டச் சொன்னேன், நீட்டினார். அசைவுக்கு முழு 6. மொத்தம் 13.

கையைப் பிடிக்கச் சொல்லிச் சோதிப்பவர்கள் உண்டு. உள்ளங்கையில் விரல் பட்டாலே மூடிக்கொள்ளும் அனிச்சைச் செயல் மூளைக் காயத்தில் திரும்பி வரும். அதைப் பார்த்து, சொன்னதைக் கேட்கிறார் என்று 6 போட்டுவிடுவோம். பிடிங்க, இப்போ விடுங்க என்று இரண்டும் சொல்லி, விடுகிறாரா என்றும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் நாக்குதான் நல்லது.

பேச்சு மதிப்பெண்ணில் வேலூருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகள் இங்கே ஏராளம். வாணியம்பாடியிலிருந்து உருது பேசுபவர்கள், ஆந்திர எல்லையிலிருந்து தெலுங்கு பேசுபவர்கள். தமிழில் கேட்டு, பதில் இல்லை என்று 1 போடுவது மூளையின் மதிப்பெண் ஆகாது, நம் மொழியின் மதிப்பெண்தான். கூட வந்தவரை அழைத்துக் கேட்கச் சொல்ல வேண்டும். அதற்கும் வழியில்லை என்றால், சோதிக்க முடியவில்லை என்று எழுத வேண்டும். 1 என்பது வேறு, சோதிக்க முடியவில்லை என்பது வேறு. வீக்கத்தால் திறக்க முடியாத கண்ணுக்கும் இதே விதிதான்.

பத்தரை மணிக்கும் அதே 13. பதினோரு மணிக்குக் கூப்பிட்டேன், கண் திறக்கவில்லை. பேனாவை விரல் நுனியில் நகத்தருகே வைத்து, மெல்ல ஆரம்பித்து 10 விநாடி வரைக்கும் கூட்டிக்கொண்டே அழுத்தினேன். கண் திறந்தது: 2. “வேணா... விடு...” என்று தனித்தனி சொற்கள்: 3. அடுத்து கழுத்தும் தோளும் சேரும் சதையைக் கிள்ளினேன். வலக்கை காறை எலும்பைத் தாண்டி மேலே வந்து என் கையைத் தட்டியது: 5. இடக்கை முழங்கையில் மடங்கியதோடு நின்றுவிட்டது: 4. கூட்டலுக்கு நல்ல பக்கத்தைத்தான் எடுக்க வேண்டும், ஆனால் இரண்டையும் எழுத வேண்டும். மொத்தம் 10. வலது கண்மணி இடதைவிடப் பெரிதாக, வெளிச்சத்துக்கு மந்தமாகச் சுருங்கியது.

டியூட்டி டாக்டரிடம் போனில் “ஸ்கோர் 10” என்றேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “அசைவு எவ்வளவு? ரெண்டு பக்கமும் சொல்லுங்க.” சரியான கேள்வி. மொத்தம் 10 என்பது எத்தனையோ விதமாக வரலாம். இடப்பக்கம் தளர்கிறது, வலக் கண்மணி விரிகிறது என்றால் வலப்பக்கம் ஏதோ அழுத்துகிறது என்று அர்த்தம். சிடி ஸ்கேனில் மண்டையோட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவே வலப்பக்கம் ரத்தக் கட்டு. அந்த இரவே ஆபரேஷன்.

இதுவரை ஜி.சி.எஸ். தன் வேலையைச் சரியாகச் செய்தது. டியூப் போட்ட பிறகுதான் அது பாதி ஊமை ஆகிறது. தொண்டையில் டியூப் இருப்பவர் பேச முடியாது. பேச்சுக்கு எண் இல்லாமல் டியூப் என்று மட்டும் எழுதுவோம். அங்கேதான் ஃபோர் ஸ்கோர் வருகிறது. அதில் பேச்சே கிடையாது. கண், அசைவு, மூளைத்தண்டு, மூச்சு என்று நாலு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 16.

மயக்க மருந்தை நிறுத்திய பிறகு அவர் கண்ணைத் திறந்தார். ஜி.சி.எஸ்ஸில் கண் 4, முழு மதிப்பெண். ஆனால் அந்தக் கண் எதையும் பார்க்கவில்லை. ஃபோரில் அதற்கு 3தான், ஏனென்றால் 4 போட, விரலை அசைத்தால் பின்தொடர வேண்டும் அல்லது சொன்னபடி சிமிட்ட வேண்டும். கிள்ளிய இடத்துக்குக் கை வந்தது: 3. கண்மணியும் கருவிழி அனிச்சையும் இரண்டு பக்கமும் இருந்தன: 4. வென்டிலேட்டர் தரும் மூச்சுக்கு மேல் அவராகவும் இழுத்தார்: 1. மொத்தம் 11.

மறுநாள் அவர் அம்மா கட்டிலைச் சுற்றி வந்தபோது கண் அவரோடு போனது. விரலை வைத்தும் பார்த்தேன், மூன்று முறை பின்தொடர்ந்தது. கட்டை விரலைத் தூக்கச் சொன்னோம், தூக்கினார். ஃபோரில் கண் 4, அசைவு 4, மொத்தம் 13. ஜி.சி.எஸ்ஸில் அசைவு 5-லிருந்து 6 ஆனது, கண் நேற்றும் 4, இன்றும் 4. “என்னைப் பாக்குறான் சிஸ்டர்” என்று அம்மா சொன்னதை எழுத ஜி.சி.எஸ். தாளில் இடமே இல்லை.

அப்படியென்றால் ஃபோர் மட்டும் போதுமா? என் பதில் இல்லை என்பதுதான். குடியாத்தத்திலிருந்தோ திருப்பத்தூரிலிருந்தோ அனுப்பும் மருத்துவமனைக்கு ஜி.சி.எஸ். தெரியும், ஃபோர் தெரியாது. அங்கே போட்ட எண்ணோடு ஒப்பிட்டால்தான் வழியில் இறங்கியதா என்று தெரியும். தானாகப் பேசுபவருக்கு அந்தக் குழப்பமான பேச்சுதான் பல நேரம் முதல் எச்சரிக்கை, ஃபோரில் அது விழாது. கருவிழியைத் தொட்டுப் பார்ப்பதை விழித்திருப்பவரிடம் அரை மணிக்கொரு முறை செய்யவும் முடியாது. மயக்க மருந்து ஓடிக்கொண்டிருந்தால் இரண்டுமே ஏமாற்றும், அதனால் மருந்தின் அளவையும் பக்கத்தில் எழுதிவிடுவேன்.

ஆக, டியூப் இல்லாதவருக்கு ஜி.சி.எஸ்., டியூப் போட்டவருக்கு ஜி.சி.எஸ்ஸின் கண்ணும் அசைவும் கூடவே ஃபோரும். இது நான் பழகிய முறை. ஷிப்ட் மாறும்போது இருவரும் கட்டிலருகே நின்று ஒருமுறை சேர்ந்து பார்த்துக்கொள்வோம். நான் 4 என்று சொல்லும் மடக்கலை அடுத்தவர் 3 என்று படிப்பது அடிக்கடி நடக்கும். கை சட்டென்று உடம்பைவிட்டு விலகி மடங்கினால் 4, மெதுவாக மார்பின் குறுக்கே சுருண்டு கட்டை விரல் உள்ளே போனால் 3. சேர்ந்து பார்க்காவிட்டால், நம் கண்ணின் வித்தியாசத்தை நோயாளி மோசமாகிவிட்டார் என்று எழுதிவிடுவோம்.

டியூப் எடுத்த அன்று மறுபடி பேச்சைக் கேட்க முடிந்தது. பெயர் சொன்னார், ஆஸ்பத்திரி என்றார். என்ன மாசம் என்றேன். கரகரத்த குரலில் “ஆடி... கிருத்திகை வருது இல்ல?” என்றார். பக்கத்தில் நின்ற பயிற்சி நர்ஸ், ஜூலை என்று சொல்லவில்லையே என்று 4 எழுதப் போனாள். 5 எழுதும்மா என்றேன்.