ஒரே மாதத்துக்கு இரண்டு மொத்தம்: பில் சாஃப்ட்வேரோடு சில ஆண்டுகள்

தாராசுரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். நாங்கள் வைத்திருக்கும் பில் சாஃப்ட்வேரைச் சில ஆண்டுகளாகத் தினமும் தொட்டுக்கொண்டிருப்பவள் என்ற முறையில் முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பில் போடுவது வேகம். எடைத் தராசோடு ஒட்டிக்கொண்டு ஓடுகிறது, கரண்ட் போய் வந்தாலும் பாதியில் நின்ற பில் காணாமல் போவதில்லை. கடன் பாக்கி கேட்டால் வியாபாரி பெயரைத் தட்டியதும் வந்துவிடும். இதற்கெல்லாம் குறையே சொல்ல மாட்டேன்.

தலைவலி கொடுத்தது இரண்டு ரிப்போர்ட்டுகள். கடைக் கம்ப்யூட்டரில் நான் எடுப்பது ‘பில் பதிவேடு’. முதலாளி ஐயா வீட்டிலிருந்து செல்போனில் பார்ப்பது ‘மாதச் சுருக்கம்’. 2025 ஜூலைக்குப் பதிவேடு 31,18,400 ரூபாய் என்றது, சுருக்கம் 31,29,850 ரூபாய் என்றது. வித்தியாசம் 11,450 ரூபாய். “ஏம்மா, பதினோராயிரம் எங்க போச்சு?” என்று ஐயா கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. கடையில் கணக்கு இடித்தால் எந்த முதலாளிக்கும் முதலில் தோன்றுவது கல்லாதான்.

கல்லாவில் ஒன்றும் குறையவில்லை. இரண்டு ரிப்போர்ட்டுக்கும் ‘ஜூலை’ தொடங்கும் நேரம் வேறு, விஷயம் அவ்வளவுதான். பதிவேடு கடைக் கம்ப்யூட்டரின் கடிகாரத்தைப் பார்க்கிறது, அதற்கு நள்ளிரவு 12 மணிக்கு மாதம் பிறக்கும். செல்போனில் வரும் சுருக்கம் இன்டர்நெட்டில் எங்கோ இருக்கும் சர்வரிலிருந்து வருகிறது. அந்த சர்வர் உலகப் பொது நேரத்தை வைத்து நாள் எண்ணுகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே ஓடுவதால், அங்கே நள்ளிரவு 12 ஆகும்போது கும்பகோணத்தில் விடியற்காலை 5.30. ஆக ஜூலை 1ஆம் தேதி நள்ளிரவுக்கும் 5.30க்கும் நடுவே போட்ட பில்லெல்லாம் சுருக்கத்தில் ஜூன் கணக்கில் ஏறிவிடும். ஆகஸ்ட் 1 விடியலில் போட்டவை ஜூலையில் ஏறும்.

இதை ஐயாவிடம் சொன்னபோது நிமிஷத்தில் பிடித்துக்கொண்டார். “பஞ்சாங்கத்துல சூரியன் உதிச்சாதானே அடுத்த நாள்? அந்த மாதிரி போல” என்றார். நான் யோசித்து வைத்திருந்த விளக்கத்தைவிட அது தெளிவாக இருந்தது.

ஜவுளிக் கடைக்கோ மளிகைக்கோ இந்தச் சிக்கல் வரவே வராது, விடியற்காலையில் அவர்கள் பில் போடுவதில்லை. எங்கள் மார்க்கெட்டில் பாதி வியாபாரத்துக்கு மேல் பொழுது விடியுமுன்னே முடிந்துவிடுகிறது. சாஃப்ட்வேர் எழுதியவருக்கு அதிகாலை இரண்டு மணிக்குக் கத்தரிக்காய் மூட்டை எடை போடுவார்கள் என்று தோன்றியிருக்காது.

கணக்கை விரித்துக் காட்டுகிறேன். ஜூலை 1 விடியலுக்கு முந்திய பில்கள் மொத்தம் 62,300 ரூபாய். சுருக்கம் இதை ஜூலையிலிருந்து தள்ளிவிட்டது. ஆகஸ்ட் 1 விடியலுக்கு முந்திய பில்கள் 73,750 ரூபாய், இதை ஜூலையில் சேர்த்துக்கொண்டது. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 11,450 ரூபாய். ஐயா கேட்ட பதினோராயிரம் காசு குறையாமல் கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் 1 அதிகமாக இருந்ததற்கும் காரணம் உண்டு. அந்த ஆண்டு ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை. படித்துறைக்குக் கட்டுசாதம் கட்டப்போகிற வீடுகளுக்காகச் சில்லறைக் கடைக்காரர்கள் வெள்ளிக்கிழமையே கூடுதலாகச் சரக்கு எடுத்துவிட்டார்கள்.

இதில் ஏமாற்றுகிற இடம் ஒன்று இருக்கிறது. மாதா மாதம் அறுபது, எழுபதாயிரம் ரூபாய் பில்கள் இடம் மாறி உட்கார்ந்தாலும் வெளியே தெரிவது இரண்டு விடியல்களின் வித்தியாசம் மட்டுமே. அதற்கு முந்தைய மாதம், ஜூன் 1 விடியலில் 61,900 ரூபாய், ஜூலை 1 விடியலில் 62,300 ரூபாய். ஜூன் மாதத்துக்கு இரண்டு ரிப்போர்ட்டும் வெறும் 400 ரூபாய்தான் வேறுபட்டன. தள்ளுபடியிலோ சில்லறை ரவுண்டு செய்ததிலோ போயிருக்கும் என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. 1ஆம் தேதி மார்க்கெட் விடுமுறையாக வந்தால் மட்டும் வித்தியாசம் பெரிதாக எகிறும்.

உங்கள் கடையிலும் இதுதான் நடக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. சுருக்கத்துக்குப் பின்னால் உள்ள பில் பட்டியலை எக்செல் ஃபைலாக இறக்குங்கள். மாதக் கடைசி வரிகளுக்குப் போய், பில் எண்ணைக் கடையில் அச்சான நகலோடு ஒப்பிடுங்கள். எங்கள் ஃபைலில் ஒரு வரி இப்படி இருந்தது:

```
2025-07-31T19:42:00Z
```

அதே பில்லின் காகித நகலில் 01-08-2025, காலை 1.12 என்று அச்சாகியிருந்தது. 19.42ஓடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் மறுநாள் 1.12. கடைசியில் நிற்கும் `Z` எழுத்துக்கு உலகப் பொது நேரம் என்று பொருள். இடம் மாறிய பில்கள் எல்லாமே 5.30க்கு முந்தியவையாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். காலை ஏழு மணி பில் ஒன்று மாறியிருந்தால் காரணம் வேறு, அங்கே நிறுத்திவிட்டுத் தனியாகத் தேடுங்கள்.

சரிசெய்வது சுலபம். செட்டிங்ஸில் நேர மண்டலம் `UTC` என்று இருந்தது, அதை `Asia/Kolkata` என்று மாற்றினோம். உடனே ஜூலைச் சுருக்கமும் 31,18,400 ஆகிவிட்டது. கூடவே பழைய மாதங்களின் சுருக்கமும் சேர்ந்து மாறியது. முன்பு அச்செடுத்து ஃபைலில் கோத்து வைத்த தாள்கள் இனித் திரையோடு ஒத்துப்போகாது. மாற்றுவதற்கு முன்பே பழைய சுருக்கங்களை இறக்கி வைத்துக்கொள்வது நல்லது, ஆடிட்டர் கேட்டால் காட்டலாம். செட்டிங்கைக் கண்டுபிடிக்க உதவி எண்ணில் பேசினேன். “நெட் ஸ்லோவா இருக்கும் மேடம்” என்றார்கள். அந்தப் பதிலுக்கு இன்னும் எனக்குக் கோபம் உண்டு.

அதற்குப் பிறகும் செப்டம்பரில் 2,640 ரூபாய் இடித்தது. இது நேரத்தால் வந்ததில்லை. செப்டம்பர் 29 பில்லில் போன கத்தரிக்காயில் சொத்தை என்று அக்டோபர் 2 திருப்பி அனுப்பினார்கள். பதிவேடு பழைய பில்லிலேயே போய்க் கழித்துக்கொள்ளும், அதனால் செப்டம்பர் குறைந்தது. சுருக்கம் சரக்கு திரும்பி வந்த தேதியில் கழிக்கும், அதனால் அக்டோபர் குறைந்தது. எது சரி என்று ஐயா கேட்டார். செப்டம்பரில் விற்று நின்றது எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் பதிவேடு. அக்டோபர் கல்லாவோடு ஒப்பிட வேண்டுமானால் சுருக்கம். இதனால்தான் மாதக் கடைசியில் அச்செடுத்த பதிவேடும் பத்து நாள் கழித்து எடுத்த அதே பதிவேடும்கூட வேறாக இருக்கும். இப்போதெல்லாம் எடுத்த தேதியைத் தாளின் தலைப்பில் பேனாவால் எழுதிவிடுகிறேன். சாஃப்ட்வேரே அதை அச்சடித்திருக்கலாம்.

புதிதாக வாங்குகிறவர்கள் டெமோ காட்ட வருபவரிடம் ஒரு பில்லை 1ஆம் தேதி விடியற்காலை 3 மணிக்குப் போட்டு, அது செல்போனில் எந்த மாதத்தில் விழுகிறது என்று காட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் ஏப்ரல் 1 விடியலை மட்டுமாவது பாருங்கள். ஆண்டு மொத்தத்தில் நடுவிலுள்ள மாதங்களின் மாற்றம் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். நிதியாண்டின் இரு முனையிலும் இருக்கும் ஏப்ரல் 1 விடியல் பில்கள் மட்டும் தப்பான ஆண்டில் போய் நிற்கும்.