வெயிலைச் சேமிப்பது பேட்டரியிலா, பனிக்கட்டியிலா?

கிராமப் பால் சங்கம் ஒன்று சூரிய மின்சாரத்தால் பாலைக் குளிரூட்ட முனைந்தால், முதலில் எதிர்ப்படுவது நேரச் சிக்கலே. பால் வந்து சேர்வது விடியற்காலையிலும் அந்தியிலும். வெயில் உறைப்பதோ ஏறத்தாழ காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை. ஆகவே இரு வேளைக்கும் தேவையான குளிரை நண்பகலிலேயே சேமித்தாக வேண்டும். அதைப் பேட்டரியில் மின்சாரமாகச் சேமித்து, பால் தொட்டியின் அடித்தகட்டை நேரடியாகக் குளிர்விப்பது ஒரு வழி. பகலிலேயே பனிக்கட்டி உறையவைத்து, அது உருகும் குளிர்நீரால் பாலைக் குளிர்விப்பது மற்றொரு வழி.

வேளைக்கு 500 லிட்டர் சேரும் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். இப்பாலை 35 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்கு இறக்க, ஏறத்தாழ 17 யூனிட், அதாவது 17 கிலோவாட்-மணி, வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். 190 கிலோ பனிக்கட்டி உருகும்போது இழுத்துக்கொள்ளும் வெப்பம் அவ்வளவுதான். இரு வேளைக்கும் கசிவுக்கும் சேர்த்து, பொழுது சாய்வதற்குள் சுமார் 450 கிலோ பனிக்கட்டி தயாராக இருக்க வேண்டும்.

மின் செலவில் பேட்டரி வழியே சிக்கனமானது. நேரடிக் குளிரூட்டலில் ஒரு யூனிட் மின்சாரம் சுமார் மூன்று யூனிட் வெப்பத்தை வெளியேற்றும் என்று கொண்டால், நாளொன்றுக்கு 12 யூனிட் போதும். பேட்டரியின் இழப்பையும் சேர்த்தால் 14 ஆகும். பனிக்கட்டி உறைய கம்ப்ரசர் இன்னும் தாழ்ந்த வெப்பநிலையில் ஓட வேண்டியிருப்பதால், அங்கே 20 யூனிட் வரை தேவைப்படும். அதாவது பேனல்கள் கூடுதலாக வேண்டும். ஆனால் பேனல் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும். நாள்தோறும் ஆழமாக வடியும் பேட்டரியோ அதற்குள் ஒருமுறையாவது மாற்றப்படும், ஈயப் பேட்டரி என்றால் பலமுறை.

இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டுவது கொள்முதலின் உச்ச வேகம்தான். பால் சீராக வருவதில்லை. நெரிசலான ஒரு மணி நேரத்தில் மட்டும் 300 லிட்டர் வந்துவிடலாம். அதை வந்த வேகத்திலேயே குளிர்விக்க 10 கிலோவாட்டுக்கும் அதிகமான குளிர்த்திறன் வேண்டும். மூன்று மணி நேரத்தில் 500 லிட்டரைக் குளிர்விக்கும் நேரடித் தொட்டியின் திறன் 6 கிலோவாட்டை ஒட்டியே இருப்பதால், பால் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பாகவே காத்திருக்கும். பனிக்கட்டி உருகும் வேகத்துக்குக் கம்ப்ரசர் வரம்பிடுவதில்லை. பாலும் குளிர்நீரும் தகடுகளின் இருபுறமும் ஓடும் தட்டுக் குளிர்விப்பானும் நீர் பம்பும் போதிய அளவில் இருந்தால், பால் தொட்டியில் விழும்போதே குளிர்ந்திருக்கும். (பனிக்கட்டி முறைக்குச் சிறிய கம்ப்ரசர் போதும் என்பார்கள், இரவெல்லாம் மின்சாரம் கிடைக்கும் இடத்தில் அது சரி. வெயில் நேரத்திலேயே எல்லாவற்றையும் உறையவைக்க வேண்டுமானால், இங்கும் 6 கிலோவாட்டை ஒட்டிய குளிர்த்திறனுள்ள கம்ப்ரசர்தான் தேவைப்படும்.)

பனிக்கட்டியும் இடறும். நீர்த்தொட்டிக்குள் இருக்கும் குளிர்க்குழாய்களின் மேல்தான் பனி படிகிறது; அடுத்தடுத்த குழாய்களில் படிந்த பனி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் நீர் ஓட இடமிருக்காது. தொட்டி நிறையப் பனி இருந்தும் பால் மெதுவாகவே குளிரும். பனித் தடிமனைக் காட்டும் உணர்கருவி சரியாக வேலை செய்கிறதா என்று அப்போது பார்க்க வேண்டும். மாலைக் கொள்முதல் முடிந்ததும் குளிர்நீர் 2 டிகிரிக்கு மேல் ஏறியிருந்தால் பனி தீர்ந்துவருகிறது என்று பொருள். மறுநாள் காலைப் பாலுக்கு வேறு மின்சாரத்தை உடனே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

ஆகவே இந்த 500 லிட்டர் சங்கத்துக்குப் பனிக்கட்டி முறையே பொருந்தும் என்பது என் கணிப்பு. பம்புக்கும் பால் கலக்கிக்கும் மட்டும் ஒரு சிறு பேட்டரி போதும். மாலையில் மின்வாரிய மின்சாரம் தடையின்றிக் கிடைக்கும் ஊரிலோ, வேளைக்கு நூறு லிட்டரே சேரும் சங்கத்திலோ நேரடிக் குளிரூட்டும் தொட்டியே எளிது.