தலை மாற்றிய பிறகுதான் தோல் வேலை, ஆனாலும் ஒரு எரிச்சல்

குரூப் போட்டோவில் ஒருவர் கண்ணை மூடிவிட்டார், அடுத்த ஷாட்டிலிருந்து தலையை எடுத்து ஒட்டப் போகிறேன், ஸ்கின் ரீடச்சை முன்னாலேயே முடித்துவிடவா அல்லது ஒட்டிய பிறகு செய்யவா என்று நண்பர் கேட்டிருந்தார். போட்டோஷாப்பில் இரண்டு வழியிலும் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒட்டிய பிறகுதான்.

முதல் காரணம் அளவு. நண்பர் அனுப்பிய கோப்பையே எடுத்துக்கொள்ளலாம். அடுத்த ஷாட்டில் கேமரா கொஞ்சம் பின்னால் போயிருக்கிறது, அதனால் தலையை 108 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால்தான் உடம்போடு பொருந்துகிறது. பெரிதாக்கும்போது மென்பொருள் இடைப் பிக்சல்களைக் கணக்குப் போட்டு நிரப்புகிறது, அதில் தோலின் நுண்துளைகள் லேசாக மழுங்கிவிடும். ஏற்கெனவே மென்மையாக்கிய முகம் என்றால் இது இரண்டாவது மழுங்கல். கழுத்தும் கையும் கூர்மையாக இருக்க, முகம் மட்டும் பவுடர் அப்பியது போல நிற்கும். அப்புறம் அதற்கு ஏற்றபடி கழுத்தின் கூர்மையையும் குறைக்க ஆரம்பித்தால், பக்கத்தில் நிற்பவரின் தோலோடு அது ஒத்துப்போகாது.

இரண்டாவது காரணம், ஒட்டிய தலையில் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் மாஸ்க்கின் ஓரம், இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. தாடைக்குக் கீழே ஓரத்தை 20 பிக்சலுக்கு மென்மையாக விட்டால், நடுவில் இரண்டு படங்களின் தோலும் பாதிக்குப் பாதி கலக்கும். நிறம் அழகாகக் கலந்துவிடும். துளைகள் கலக்காது, ஏனென்றால் இரண்டு படத்திலும் அவை ஒரே இடத்தில் இல்லை, ஒன்றை ஒன்று பாதி அழித்துவிடும். அந்தப் பட்டையில் டெக்ஸ்சரின் அழுத்தம் ஏறக்குறைய 70 சதவீதத்துக்கு இறங்கிவிடும், கழுத்தைச் சுற்றிப் பனி படிந்த மாதிரி ஒரு வளையம் தெரியும். இந்த வளையம் ஒட்டும்போதுதான் பிறக்கிறது, முன்கூட்டிச் செய்த எந்த ரீடச்சும் இதைத் தொடக்கூட முடியாது.

அதனால் நான் செய்வது இது. ரா கோப்புகள் இரண்டுக்கும் வெள்ளைச் சமநிலை, நாய்ஸ் குறைப்பு, ஷார்ப்பனிங் மூன்றையும் ஒரே மாதிரி வைத்துத் திறப்பேன், இது மட்டும் கட்டாயம் முன்னால். பிறகு தலையை ஒட்டி, அளவு பார்த்து, கர்வ்ஸில் நிறம் பொருத்தி, எல்லாவற்றையும் ஒரு புதிய லேயரில் சேர்த்து, அதன்மேல் ஃப்ரீக்வென்சி செபரேஷன், அதாவது அந்த லேயரை இரண்டு பிரதி எடுத்து, நிறத்தைக் கீழ் லேயரிலும் துளைகளை மேல் லேயரிலும் தனித்தனியாகப் பிரிப்பது. கீழ் லேயருக்கு மங்கல் அளவு, துளைகள் மறைந்து மூக்கின் வடிவம் மட்டும் மிஞ்சும் இடம் வரை. என் கோப்புகளில் பெரும்பாலும் 6 முதல் 10 பிக்சலுக்குள் வரும். மேல் லேயருக்கு 16 பிட்டில் Apply Image போய், கீழ் லேயரை மூலமாக எடுத்து, Invert டிக் செய்து, Add, Scale 2, Offset 0, பிறகு பிளெண்ட் முறை Linear Light. படம் முன்பிருந்தது போலவே தெரிந்தால் சரியாகப் பிரிந்திருக்கிறது என்று அர்த்தம். இனி மேல் லேயரில் மட்டும், கழுத்தின் நல்ல பகுதியிலிருந்து கடின ஓரமுள்ள க்ளோன் பிரஷால் துளைகளை எடுத்து வளையத்தின்மேல் வைத்தால் வளையம் போய்விடும், நிறம் அசையாது. முகம், கழுத்து, கை எல்லாம் ஒரே அளவில், ஒரே கையால் ரீடச் ஆகிறது. இந்தத் திருப்தி முன்னால் செய்யும் முறையில் எனக்கு ஒரு முறைகூடக் கிடைத்ததில்லை.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். எல்லாம் முடித்து அனுப்பிய பிறகு, "அந்தத் தலை வேண்டாம், மூணாவது போட்டோவில் இருக்கிற சிரிப்பை வையுங்கள்" என்று பதில் வரும். சேர்த்து வைத்த லேயர் மொத்தமும் வீண். Sample அமைப்பை Current & Below என்று வைத்து வெற்று லேயரில் ஹீல் செய்திருந்தாலும் தப்பிக்க முடியாது, பழைய முகத்தின் தோல் துண்டுகள் புதிய முகத்தின்மேல் திட்டுத் திட்டாக உட்கார்ந்திருக்கும். ஆளுக்கு ஒரு ஹீல் லேயர் என்று பிரித்து வைப்பதால் மற்றவர்களின் வேலையாவது பிழைக்கிறது, ஆனால் அந்த ஒரு முகத்துக்கு மறுபடி முதலிலிருந்துதான். நேரம் நெருக்கும்போது இது வயிற்றெரிச்சல், வேறு வார்த்தை இல்லை.

அந்தக் கோபத்தில் இருக்கும்போது கேட்டால், முன்னாலேயே முடித்துவிடுங்கள் என்றுகூடச் சொல்வேன். அதுவும் முழுக்கத் தவறில்லை. கேமரா ஸ்டாண்டில் அசையாமல் இருந்து, அளவு மாறாமல், தலையோடு கழுத்தும் காலரும் சேர்ந்து வந்து, ஒட்டு துணியிலும் முடியிலும் மட்டும் விழுந்தால் முன்னால் செய்வதில் ஒரு நஷ்டமும் இல்லை, மேலே சொன்ன இரண்டு காரணமும் அங்கே கிடையாது. நண்பரின் கோப்பில் 108 சதவீதம், ஒட்டு தாடைக்குக் கீழே தோலில். அதனால் தலையை முடிவு செய்து சம்மதம் வாங்கிக்கொண்டு, பிறகு பிரஷ்ஷை எடுங்கள்.