முதல் டிராஃப்ட் பிரீஃபை விட்டு விலகினால் ஏஜென்சிக்கு என்ன எழுதுவது? மூன்று பதில்கள், ஓர் ஒப்பீடு

ஒரு செக்குக் கடலை எண்ணெய் பிராண்டை எடுத்துக்கொள்வோம். மதுரையிலும் திருநெல்வேலியிலும் இப்போது ரீஃபைண்ட் எண்ணெய் வாங்கும் வீடுகள், 200 மில்லி பாட்டிலை முதல்முறையாக வாங்கவேண்டும். "விலை கூடுதல்" என்ற தயக்கத்தைச் சின்ன பாட்டில் உடைக்கவேண்டும். 20 விநாடி வீடியோ ஒன்று, மளிகைக் கடைக்கு போஸ்டர் ஒன்று. விளம்பர ஏஜென்சிக்கு நாம் எழுதிக் கொடுத்த பிரீஃப் கேட்டது இவ்வளவுதான்.

ஏஜென்சி அனுப்பியதோ 45 விநாடிப் படம். பேரன் ஊருக்கு வருகிறான், பாட்டி செக்கடியில் நிற்கிறாள். கடைசி நான்கு விநாடியில் பாட்டில் வருகிறது, அதுவும் ஒரு லிட்டர் பாட்டில். கீழே "இதயத்துக்கு இதம்" என்று ஒரு வரி. படம் அழகாக இருக்கிறது, ஆனால் கேட்டது இது இல்லை.

முதல் வகைப் பதில் நமக்கெல்லாம் பழக்கமானது: "நல்ல முயற்சி. ஆனால் எதிர்பார்த்த ஃபீல் வரவில்லை, இன்னும் கொஞ்சம் பஞ்ச் சேர்த்து அனுப்புங்கள்." மனம் நோகாது, இரண்டு நிமிடத்தில் எழுதிவிடலாம். ஆனால் இதைப் படிக்கிற க்ரியேட்டிவ் டீம், கதை சரி, சொன்ன விதம்தான் போதவில்லை என்று புரிந்துகொள்ளும். அடுத்த டிராஃப்டில் அதே பாட்டி வேகமான இசையோடு வருவாள்.

இரண்டாவது, ஸ்கிரிப்ட் முழுக்கக் குறிப்பு எழுதி அனுப்புவது. லோகோவைப் பெரிதாக்குங்கள், புடவை நிறத்தை மாற்றுங்கள், பேரன் வசனத்தைக் குறையுங்கள் என்று இருபது குறிப்புகள் போகும். உழைப்பு தெரியும், ஆனால் இருபதையும் திருத்திய பிறகும் படம் 200 மில்லியைப் பற்றிப் பேசாது. சேல்ஸ் டீம் ஒன்றும் பிராண்ட் டீம் அதற்கு நேர்மாறாக ஒன்றும் எழுதியிருந்தால், எதைக் கேட்பது என்று ஏஜென்சி தவிக்கும். ஒப்பந்தத்தில் இரண்டே திருத்தச் சுற்று என்றிருந்தால் அதில் ஒன்று இப்படியே கரைந்துவிடும். கதை சரியாக அமைந்து, இறுதி ஆர்ட்வொர்க்கைச் சரிபார்க்கும் கட்டத்தில்தான் இந்த முறைக்கு வேலை.

மூன்றாவது, பிரீஃபின் வரியை டிராஃப்டின் காட்சிக்குப் பக்கத்தில் வைத்து எழுதுவது. அந்த மெயில் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"வணக்கம். டிராஃப்டுக்கு நன்றி. தோசை ஓரத்தில் எண்ணெய் விடும் காட்சி எங்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது, அது இருக்கட்டும். ஆனால் இந்தப் படம் பிரீஃபின் நோக்கத்தைத் தொடவில்லை என்று நினைக்கிறோம். பார்ப்பவர் 200 மில்லி பாட்டிலை வாங்கிப் பார்க்கவேண்டும் என்று கேட்டிருந்தோம். படத்தில் அந்த பாட்டில் இல்லை, விலைத் தயக்கத்துக்குப் பதிலும் இல்லை. பிரீஃபின் கடைசிப் பக்கத்தில் 'பாரம்பரியம்' என்று நாங்கள் இருமுறை எழுதியது உங்களை இந்தப் பக்கம் திருப்பியிருக்கலாம். அது எங்கள் பிழை, அந்த வரியை நீக்கிவிட்டோம். 'இதயத்துக்கு இதம்' என்ற வரியை எடுத்துவிடுங்கள், அதை நிரூபிக்க எங்களிடம் ஆய்வுச் சான்று இல்லை. புதிய கதையின் ஒரு பக்கச் சுருக்கம் மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் போதும், ஸ்டோரிபோர்டு அதற்குப் பிறகு."

இந்த மெயில் கதையை எப்படி மாற்றவேண்டும் என்று சொல்லவே இல்லை. எது விடுபட்டது என்று காட்டிவிட்டு, தீர்வை ஏஜென்சியிடமே விட்டுவிடுகிறது. பாராட்டும் ஒரு குறிப்பிட்ட காட்சிக்குத்தான். "நல்ல முயற்சி" என்றால் எதை வைத்துக்கொள்வது என்று யாருக்கும் தெரியாது. நம் பக்கத்துப் பிழையை ஒப்புக்கொண்டதில் வாதாடும் தேவையும் குறைகிறது. இதய வரி மட்டும் ரசனைக்கு அப்பாற்பட்டது. உணவு விளம்பரத்தில் ஆரோக்கியப் பலன் சொன்னால் அதற்கு அறிவியல் ஆதாரம் வேண்டும் என்கின்றன உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2018 விளம்பர விதிமுறைகள். அதனால்தான் அங்கே "நினைக்கிறோம்" இல்லாமல் நேராக எடுத்துவிடச் சொல்கிறது மெயில். முழு ஸ்டோரிபோர்டுக்குப் பதில் ஒரு பக்கம் கேட்பதால், மறுபடி திசை தவறினாலும் வீணாவது ஒரு நாள் வேலைதான்.

இதற்கு நேரம் பிடிக்கும். எல்லாத் துறையின் கருத்தையும் வாங்கி ஒருவரே எழுதவேண்டும், பிரீஃபை மறுபடி திறந்து படிக்கவேண்டும். அனுப்பும் முன் ஏஜென்சியில் நம் கணக்கைக் கவனிக்கும் கிளையன்ட் சர்வீசிங்கில் இருப்பவரைப் போனில் கூப்பிட்டு, "கதையையே மாற்றவேண்டியிருக்கும், விவரமாக மெயில் வருகிறது" என்று சொல்லிவிடுவது மரியாதை. டீம் முழுக்கப் பார்க்கும் மெயிலில் அவர் அதை முதன்முதலாகப் படிக்கக் கூடாது.

சில சமயம், எழுத உட்கார்ந்தால் சுட்டிக்காட்ட பிரீஃபில் வரியே கிடைக்காது. அப்படியானால் டிராஃப்ட் விலகவில்லை, நம் எண்ணம்தான் இடையில் மாறியிருக்கிறது. அப்போது மூன்றாவது மெயிலை எழுதுவது நியாயமே இல்லை. "டிராஃப்டைப் பார்த்த பிறகு எங்கள் தேவை மாறிவிட்டது. திருத்திய பிரீஃபை இணைத்திருக்கிறோம். இதைத் திருத்தச் சுற்றில் சேர்க்கவேண்டாம், கூடுதல் வேலைக்கான எஸ்டிமேட் அனுப்புங்கள்" என்று எழுதவேண்டும்.