4,500 போச்சு: கேமரா ஆப்பில் வெறும் எண்ணை அடித்துக் கொடுத்தால் உஷார்

கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன், இன்னொருவர் இதே குழியில் விழ வேண்டாம்.

கேமரா பொருத்தித் தரும் ஒரு கடை. பெயர் வேண்டாம், இந்த வகைக் கடைகள் எங்கும் உண்டு. நாலு கேமரா, ஒரு டிவிஆர். பொருத்திய வேலையில் குறை சொல்ல முடியாது. "வெளியூரில் இருந்தும் பார்க்கலாம்" என்று அதற்குத் தனியாக 1,000 வாங்கினார்கள். வந்த பையன் ரவுட்டரில் ஏதோ மாற்றினான், என் மொபைல் ஆப்பில் `203.0.113.45` என்கிற மாதிரி ஓர் எண்ணையும், பக்கத்தில் போர்ட் `37777` என்றும் அடித்தான். "வைஃபையை ஆஃப் பண்ணிட்டு பாருங்க சார்" என்றான். மொபைல் டேட்டாவில் வாசல் பளிச்சென்று தெரிந்தது. அந்த ஒரு நிமிடம்தான் நம்ப வைத்தது. கண்ணெதிரே வேலை செய்கிறதே, வேறென்ன கேட்பது?

மூன்றாம் நாள் கரண்ட் போய் வந்தது. வெளியிலிருந்து படம் வரவில்லை. வீட்டு டிவியில் நாலு கேமராவும் நன்றாக ஓடுகின்றன. கூப்பிட்டேன். வந்து, ஆப்பில் வேறோர் எண்ணை அடித்துவிட்டு 500 வாங்கினான். பத்து நாளில் மறுபடியும் அதே கதை, மறுபடியும் 500. மூன்றாவது முறை, "டிவிஆரில் நெட்வொர்க் போர்டு போச்சு" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், 2,500 வாங்கித் திருப்பித் தந்தார்கள். மொத்தம் 4,500. அடுத்த வாரம் படம் மறுபடியும் நின்றது. அதன் பிறகு, "உங்க நெட் கம்பெனியைக் கேளுங்க", "ஓனர் ஊர்ல இல்ல", கடைசியில் போனையே எடுப்பதில்லை.

போர்டு போகவே இல்லை. நடந்தது இதுதான்.

பையன் ஆப்பில் அடித்த அந்த எண், அன்றைக்கு இணையச் சேவை நிறுவனம் ரவுட்டருக்குக் கொடுத்திருந்த ஐபி முகவரி. வீட்டு இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு அது இரவல் முகவரி. ரவுட்டர் அணைந்து மறுபடி இணையும்போது, இருப்பில் இருக்கிற வேறொன்றைத் தருவார்கள். கரண்ட் போகாவிட்டாலும் நிறுவனமே இணைப்பை முறித்துப் புதிதாகத் தரும்போது மாறும். `203.0.113.45` இப்போது `203.0.113.118` ஆகிவிட்டது என்று வையுங்கள். டிவிஆர் நலமாக இருக்கிறது, ரவுட்டரும் நலம். ஆப் மட்டும் பழைய முகவரிக் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. அங்கே இப்போது வேறு யாரோ இருக்கிறார், அல்லது யாருமே இல்லை.

கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் `WAN IP` என்ற இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். ஆப்பில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போகவில்லையா? கோளாறு அங்கேதான். இதைத்தான் அவன் ஒவ்வொரு முறையும் பார்த்து, புது எண்ணை அடித்து, 500 வாங்கிக்கொண்டு போனான். அவனுக்குத் தெரியும், அதுதான் வயிற்றெரிச்சல்.

இதற்கு மருந்து டைனமிக் டிஎன்எஸ். எண்ணுக்குப் பதிலாக ஒரு பெயரை வைத்துக்கொள்வது, அவ்வளவுதான். அந்தப் பெயர் எந்த எண்ணைக் காட்ட வேண்டும் என்பதை உங்கள் ரவுட்டரோ டிவிஆரோ சேவைக்கு அவ்வப்போது சொல்லிக்கொண்டே இருக்கும். எண் மாறினால் சற்று நேரத்தில் பெயரும் புது எண்ணைக் காட்டும். ஆப்பில் ஒருமுறை பெயரை அடித்தால் பிறகு தொட வேண்டியதில்லை. இலவசச் சேவைகளே இதற்குப் போதும்.

டக் டிஎன்எஸ் என்ற இலவசச் சேவையை வைத்துச் சொல்கிறேன். பதிவு செய்து ஒரு பெயர் எடுத்தால் ஒரு டோக்கன் தருவார்கள். ரவுட்டரில் `DDNS` பகுதியில் அந்தச் சேவை இருந்தால் பெயரையும் டோக்கனையும் அங்கே கொடுங்கள். டிவிஆரிலும் இதே பகுதி இருக்கும், ஆனால் ரவுட்டர்தான் நல்லது: முகவரி மாறுவது முதலில் அதற்குத்தான் தெரியும். இரண்டிலும் இல்லையென்றால், வீட்டில் எப்போதும் ஓடும் ஒரு கணினி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இந்த முகவரியைத் திறந்தால் போதும், `PEYAR`, `TOKEN` இருக்கும் இடங்களில் உங்கள் பெயரையும் டோக்கனையும் போட்டுக்கொள்ளுங்கள்:

```
https://www.duckdns.org/update?domains=PEYAR&token=TOKEN&ip=
```

`OK` என்று வந்தால் பதிவாகிவிட்டது. `KO` என்றால் பெயரிலோ டோக்கனிலோ பிழை. பிறகு ரவுட்டரை அணைத்துப் போட்டுவிட்டு, சற்று நேரம் கழித்துக் கணினியில் இதை அடியுங்கள்:

```
nslookup PEYAR.duckdns.org
```

வரும் எண்ணும் ரவுட்டரின் `WAN IP` எண்ணும் ஒன்றாக இருந்தால் வேலை முடிந்தது. கடைக்காரரை அனுப்புவதற்கு முன்னால் இந்தச் சோதனையைக் கண்முன் செய்யச் சொல்லுங்கள். நான் அன்று கேட்காமல் விட்டது இது ஒன்றுதான்.

பெயர் சரியான எண்ணைக் காட்டியும் படம் வரவில்லையென்றால், அடுத்த சந்தேகம் வீட்டுக்குள்ளே. வெளியிலிருந்து 37777-க்கு வருவதை ரவுட்டர் `192.168.1.108` என்ற டிவிஆருக்குத் திருப்பிவிடும்படி போர்ட் ஃபார்வர்டிங் போட்டிருப்பார்கள். டிவிஆர் தன் உள்முகவரியைத் தானாக வாங்கும்படி விட்டிருந்தால், கரண்ட் போய் வந்ததும் அது `192.168.1.105` ஆகிவிடலாம். டைனமிக் டிஎன்எஸ் இதைச் சரிசெய்யாது. டிவிஆரின் உள்முகவரியை நிலையாகப் பூட்ட வேண்டும். `Gateway`, `DNS` இரண்டையும் அப்போதே சரியாக நிரப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் டிவிஆர் வெளியே எதையும் சொல்ல முடியாது.

இன்னொரு கண்ணி, இதில் எந்தக் கடைக்காரனும் வாய் திறக்க மாட்டான். `WAN IP` எண் 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுவனம் உட்கார வைத்திருக்கிறது. 10 அல்லது 192.168 என்று தொடங்கினாலும் உங்கள் ரவுட்டருக்கு மேலே இன்னொன்று இருக்கிறது: நிறுவனத்தினுடையதாகவும் இருக்கலாம், வீட்டிலேயே இருக்கும் மோடமாகவும் இருக்கலாம். மோடம் என்றால் அதை `Bridge` முறைக்கு மாற்றினால் தீரும். நிறுவனத்தினுடையது என்றால் டைனமிக் டிஎன்எஸ் பயன்படாது, பெயர் சரியாக இருந்தாலும் வெளியிலிருந்து வருபவர் உங்கள் ரவுட்டர் வரை வந்து சேரவே முடியாது. பொது முகவரி கேட்டு வாங்க வேண்டும், அல்லது தயாரிப்பாளரின் சர்வர் மூலம் ஆப்பையும் டிவிஆரையும் இணைக்கும் பி2பி வழியில் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன் இந்த எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. அவசரமாக:

ஆப்பில் எண்ணை அடித்தால் காசு கொடுக்காதீர்கள், பெயர் வேண்டும் என்று சொல்லுங்கள். அந்தப் பெயரும் கணக்கும் உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும், கடைக்காரனுடையதில் அல்ல. சில இலவசச் சேவைகள் அவ்வப்போது "இன்னும் வேண்டுமா" என்று மின்னஞ்சல் அனுப்பும், பதில் சொல்லாவிட்டால் பெயர் போய்விடும். டிவிஆரின் `admin` கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள், இணையத்துக்குத் திறந்துவிட்ட பெட்டி அது. 2016-இல் மிராய் என்ற தீநிரல் மாற்றாத கடவுச்சொற்களை வைத்துத்தான் கேமராக்களையும் டிவிஆர்களையும் கூட்டங்கூட்டமாகப் பிடித்தது. போர்டு போச்சு என்றால் பழைய போர்டைக் கையில் கேளுங்கள். நான் கேட்கவில்லை. அதற்கே 2,500, மொத்தம் 4,500.