மறுபடி அட்மிஷன்: ஒரு கிளெய்மா, இரண்டா? எது நமக்கு லாபம்?

கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு வயது 62. ஜனவரி 6ஆம் தேதி கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வலது முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. 11ஆம் தேதி டிஸ்சார்ஜ், பில் 2,10,000 ரூபாய். 25ஆம் தேதி தையல் பிரிக்கப் போய் வந்தார்கள். பிப்ரவரி கடைசியில் தழும்பின் கீழ்முனை சிவந்து, சீலையில் ஒட்டுகிற அளவுக்கு நீர் கசிந்தது. காரை எடுத்துக்கொண்டு வேலந்தாவளம் வழியாக மறுபடி கோயம்புத்தூர். 27ஆம் தேதி அட்மிஷன். மூட்டைத் திறந்து கழுவி, நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் துண்டை மாற்றி, பத்து நாள் நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். பில் 2,40,000 ரூபாய்.

அவர் மகன் என்னிடம் வந்து கேட்ட முதல் கேள்வி: "அண்ணா, டிஸ்சார்ஜ் ஆகி 47 நாள் ஆச்சுங்க. 45 நாள் தாண்டிட்டா இது தனி கிளெய்ம்தானுங்களே?"

அந்தக் கணக்கிலும் பிழை இருந்தது, அந்த ஆசையிலும் பிழை இருந்தது.

கணக்கை முதலில் பார்ப்போம். இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக வகுத்த வரையறைகளில் 'ஏதேனும் ஒரு நோய்' என்று ஒன்று உண்டு. இடைவிடாத நோய்க்காலம் ஒரே நோய். சிகிச்சை பெற்ற ஆஸ்பத்திரியில் கடைசியாக டாக்டரைப் பார்த்த தேதியிலிருந்து 45 நாளுக்குள் அது திரும்பி வந்தாலும் அதே நோய்தான் என்கிறது அது. டிஸ்சார்ஜ் தேதி அங்கே பேச்சே இல்லை. அக்கா டாக்டரைக் கடைசியாகப் பார்த்தது தையல் பிரித்த ஜனவரி 25. அங்கிருந்து எண்ணினால் மார்ச் 11 வரை கதவு திறந்திருக்கிறது. பிப்ரவரி 27 என்பது வெறும் 33ஆம் நாள். ஓபி சீட்டில் இருக்கும் ஒரு தேதி இத்தனையையும் மாற்றிவிடும், அதனால் அந்தச் சீட்டைத் தூக்கிப் போடக் கூடாது.

ஆனால் கிருமித் தொற்று என்பது மூட்டுத் தேய்மானம் 'திரும்பி வந்தது' ஆகுமா? நியாயமான கேள்வி. முதல் டிஸ்சார்ஜ் சம்மரியில் நோய்க் குறியீடு M17, அதாவது மூட்டுத் தேய்மானம். இரண்டாவதில் T84.5, செயற்கை மூட்டில் தொற்று. குறியீடு வேறு, சிகிச்சை வேறு, எனவே இரண்டு என்பது நோயாளி தரப்பு வாதம். அந்த மூட்டை வைக்காமல் அந்தத் தொற்று இல்லை, எனவே தொடர்ச்சிதான் என்பது கம்பெனி தரப்பு வாதம். எனக்குப் பின்னதுதான் வலுவாகத் தெரிகிறது. அதே 33ஆம் நாளில் அக்காவுக்கு டெங்கு வந்திருந்தால் தனி நோய், அதில் சண்டையே இல்லை.

இன்னொன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இரண்டாவது அட்மிஷனுக்கு, கம்பெனி சார்பில் கிளெய்மைக் கவனிக்கும் டிபிஏ புதிய அனுமதியும் புதிய கிளெய்ம் நம்பரும் தரும். நம்பர் இரண்டு இருப்பதால் நோயும் இரண்டு என்று ஆகாது. வரம்பைக் கணக்கிடும்போது இரண்டு நம்பரையும் ஒரே நோயின் கீழ் சேர்த்துவிடுவார்கள்.

இனி ஆசைக்கு வருவோம். இரண்டு என்று ஆனால்தான் நமக்கு நல்லது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது கையில் இருக்கும் பாலிசியைப் பொறுத்தது. அக்காவிடம் இருந்தது 3 லட்ச ரூபாய் அடிப்படைப் பாலிசியும், 3 லட்சத்துக்கு மேல் போனால் 5 லட்சம் வரை தரும் சாதாரண டாப்-அப்பும். இரண்டு பில்லும் சேர்த்து 4,50,000.

இரண்டு கிளெய்ம் என்று வையுங்கள். முதல் பில்லுக்கு அடிப்படைப் பாலிசி 2,10,000 கொடுக்கும். மீதி 90,000 இரண்டாவது பில்லுக்குப் போகும். பாக்கி 1,50,000. டாப்-அப்பிடம் போனால், இந்தக் கிளெய்ம் 2,40,000தானே, 3 லட்சத்தைத் தொடவில்லையே என்று திருப்பி அனுப்பும். ஒன்றரை லட்சம் கைக்காசு.

ஒரே நோய் என்றால் மொத்தம் 4,50,000. அடிப்படைப் பாலிசி 3 லட்சம், டாப்-அப் 1,50,000. கைக்காசு இல்லை. அந்தப் பையன் வாதாடி ஜெயித்திருந்தால் ஒன்றரை லட்சத்தை இழந்திருப்பான்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. டாப்-அப் பாலிசியில் அந்த 3 லட்சம் 'ஒரு நோய்க்கு' என்று எழுதியிருக்க வேண்டும். 'ஒவ்வொரு அட்மிஷனுக்கும்' என்று இருந்தால் ஒரே நோய் என்று நிரூபித்தும் பயன் இல்லை. சூப்பர் டாப்-அப்பில் இந்தத் தலைவலியே கிடையாது, வருடத்தின் பில்களையெல்லாம் கூட்டித்தான் பார்க்கும். புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

டாப்-அப் இல்லாமல், தீர்ந்த தொகையை மறுபடி நிரப்பித் தரும் 3 லட்சப் பாலிசி இருப்பவருக்கு நிலைமை நேர் எதிர். பல பாலிசிகளில் நிரப்பிய தொகை வேறு நோய்க்கு மட்டும்தான். வேறு சிலவற்றில் அதே நோய்க்கும் உண்டு, ஆனால் 45 நாள் இடைவெளி வேண்டும். இங்கே ஒரே நோய் என்று ஆனால் 1,50,000 கைக்காசு, தனி நோய் என்றால் நிரப்பிய தொகையிலிருந்து முழுதும் கிடைக்கும். ஒரு நோய்க்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைத்த பாலிசியிலும் இரண்டு என்பதே லாபம்.

இரண்டு அட்மிஷனுக்கும் நடுவில் பாலிசி புதுப்பிக்கும் தேதி வந்தால் இன்னும் சிக்கல். ஒரே நோய் என்று சொல்லி பழைய வருடத்தின் மீதித் தொகையிலேயே கம்பெனி நிறுத்தப் பார்க்கலாம். அப்படிச் செய்தால், பாலிசியின் எந்த வரி அதற்கு இடம் தருகிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

லாபம் எந்தப் பக்கம் என்று தெரிந்ததும் டாக்டரிடம் போய் 'வேறு நோய்னு எழுதிக் குடுங்க' என்று கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள். இரண்டாவது கிளெய்முக்கு முதல் சம்மரியையும் கேட்பார்கள், ஒப்பிட்டதும் தெரிந்துவிடும். தகவலைத் திரித்தார் என்று கிளெய்மையே மறுக்க அது போதும்.

அக்கா விஷயத்தில் உண்மையே எங்கள் பக்கம் இருந்தது. டாப்-அப் கம்பெனி முதலில் மறுத்தது. டாக்டரிடம் ஒரு வரிச் சான்று வாங்கினோம்: 'ஜனவரி 6 அன்று பொருத்திய மூட்டில் ஏற்பட்ட தொற்று, அந்தச் சிகிச்சையின் தொடர்ச்சி.' அதோடு ஜனவரி 25 ஓபி சீட்டு, இரண்டு சம்மரி, அடிப்படைப் பாலிசி பணம் கொடுத்த கடிதங்கள் எல்லாவற்றையும் வைத்து, வரையறையின் வாசகத்தைக் குறிப்பிட்டு, குறைதீர்ப்புப் பிரிவுக்கு அனுப்பினோம்.

30 நாளில் பதில் வராவிட்டால் இன்ஷூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம் என்று தயாராக இருந்தோம். எல்லையோரத்துக்காரர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். சிகிச்சை தமிழ்நாட்டில் நடந்ததால் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்று நினைப்பார்கள். ஆஸ்பத்திரி எங்கே என்பது கணக்கில்லை. நாம் குடியிருக்கும் இடம் அல்லது கம்பெனியின் கிளை இருக்கும் இடம்தான் கணக்கு. கேரள முகவரிக்கு கொச்சி அலுவலகம், பாலிசி தந்த கிளை கோயம்புத்தூரில் இருந்தால் சென்னைக்கும் போகலாம். அக்காவுக்கு அந்த அவசியம் வரவில்லை. 22ஆம் நாள் 1,50,000 ரூபாய் கணக்கில் ஏறியது.